சீட்டு பாஸ்புக்கைச் சரிபார்ப்பது: தவணை, டிவிடெண்ட், கைக்கு வந்த சீட்டுத் தொகை

புதிதாகச் சீட்டில் சேர்ந்தவர்கள் பாஸ்புக்கில் பெரும்பாலும் ஒன்றைத்தான் பார்ப்பார்கள்: இந்த மாதம் கட்டிய பணம் பதிவாகியிருக்கிறதா என்று. அது தேவைதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் நீங்கள் நேரடியாக அறிந்த எண் அது ஒன்றுதான். டிவிடெண்ட் எவ்வளவு, சீட்டு எடுத்தபோது கைக்கு எவ்வளவு வர வேண்டும் என்ற இரண்டையும் கம்பெனி கணக்குப் போட்டு எழுதுகிறது. அவை சரியா என்று பார்க்க ஏலத்தில் போன தள்ளு, அதாவது சீட்டை எடுப்பவர் சீட்டுத் தொகையிலிருந்து விட்டுக்கொடுக்கும் தொகை, தெரிய வேண்டும். அது பல பாஸ்புக்குகளில் இருக்காது, வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அது கையில் இருந்தால் மீதியெல்லாம் கூட்டல், கழித்தல், ஒரே ஒரு வகுத்தல்.

பதிவு பெற்ற ஏலச்சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் நடக்கும் சீட்டு இது. தெருவில் தெரிந்தவர் நடத்தும் சீட்டுக்கும் கணக்கு முறை ஏறக்குறைய இதேதான். ஆனால் கணக்கு தவறினால் போய்க் கேட்க அங்கே பதிவாளர் கிடையாது.

முதலில் ஒப்பந்தம், அப்புறம் பாஸ்புக்

சேரும்போது கையெழுத்துப் போட்ட சீட்டு ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அதைத் தருவது கம்பெனியின் கடமை. இல்லையென்றால் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் உள்ள குரூப் எண்ணும் டிக்கெட் எண்ணும் ஒப்பந்தத்தில் இருப்பவையேதானா என்று பாருங்கள். ஒரே ஆள் இரண்டு குரூப்பில் சேர்ந்திருக்கும்போது ஒரு குரூப்பின் தவணை இன்னொன்றில் வரவாவது அரிதான விஷயம் இல்லை.

ஒப்பந்தத்திலிருந்து சில விவரங்களைப் பாஸ்புக்கின் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். நம் உதாரணச் சீட்டுக்கு அவை இப்படி: சீட்டுத் தொகை 1,00,000 ரூபாய். உறுப்பினர்கள் 20 பேர், 20 மாதம், மாதத் தவணை 5,000 ரூபாய். கம்பெனியின் கமிஷன் 5 சதவீதம், அதாவது ஒவ்வொரு ஏலத்துக்கும் 5,000 ரூபாய். அதிகபட்சத் தள்ளு 30 சதவீதம், அதாவது 30,000 ரூபாய். முதல் மாதச் சீட்டு கம்பெனிக்கு, தள்ளு இல்லாமல் முழுத் தொகையாக. கமிஷன் உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருக்கலாம். 2019 திருத்தத்துக்கு முன் அதன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது, இப்போது 7 சதவீதம்.

இன்னும் ஒரு விவரத்தைத் தேடிப் படியுங்கள், பலர் தவறவிடுவது இதைத்தான்: ஒரு மாத ஏலத்தில் வந்த டிவிடெண்ட் எந்த மாதத் தவணையில் கழிகிறது? சில கம்பெனிகள் அதே மாதம் கழிக்கும், சில அடுத்த மாதம் கழிக்கும். நம் உதாரணத்தில் அடுத்த மாதம். இதைத் தெரிந்துகொள்ளாமல் உட்கார்ந்தால், சரியாக எழுதிய பாஸ்புக்கும் ஒவ்வொரு வரியிலும் தவறாகத் தெரியும்.

அச்சடித்த தாளில் டிவிடெண்ட் என்பதற்குப் பதில் தள்ளுபடியில் பங்கு என்றும், சீட்டெடுத்தவர் பெறும் தொகைக்கு நிகர சீட்டுத் தொகை என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். அதே 2019 திருத்தம் கொண்டுவந்த பெயர்கள் அவை. கவுண்டரில் எல்லோரும் பழைய பெயரையே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

தவணை வரிகள்

ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரசீது இருக்க வேண்டும். பாஸ்புக்கில் வசூலுக்கு வருபவர் எழுதிக் கையெழுத்துப் போடுவது மட்டும் போதாது. அவர் உங்கள் புத்தகத்தில் இன்று எழுதிவிட்டு, அலுவலகத்தில் பத்து நாள் கழித்துப் பணம் கட்டினால், கம்பெனி லெட்ஜரில் நீங்கள் தாமதமாகக் கட்டியவர் ஆகிவிடுவீர்கள். உங்கள் புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், டிவிடெண்ட் மட்டும் காரணமில்லாமல் காணாமல் போயிருக்கும். அதனால் ரசீது எண், ரசீதின் தேதி, தொகை மூன்றும் பாஸ்புக் வரியோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். யுபிஐ மூலமோ வங்கி வழியாகவோ அனுப்பினால் வங்கிக் கணக்கில் பற்றான தேதியையும் சேர்த்துப் பாருங்கள். செக் கொடுத்தவர்களுக்கு, கொடுத்த நாளா, பணமான நாளா, எதைக் கட்டிய தேதியாக எடுப்பார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கெடு நாளுக்கு முந்தைய நாள் செக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இது கட்டாயம்.

கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதும் ஒப்பந்தத்தில்தான் இருக்கும். பெரும்பாலும் அந்த மாத டிவிடெண்ட் போகும், அல்லது வட்டி சேரும், சில இடங்களில் இரண்டும். அப்படிப் போன தொகை பாஸ்புக்கில் தனியாகத் தெரிய வேண்டும். வட்டியைத் தவணையோடு சேர்த்து ஒரே தொகையாக எழுதினால், பின்னால் கூட்டிப் பார்க்கும்போது கணக்கு உதைக்கும். எழுதும்போதே பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

டிவிடெண்டை நீங்களே போட்டுப் பாருங்கள்

ஏலத்தில் போன தள்ளிலிருந்து கம்பெனியின் கமிஷனைக் கழித்து, மீதியை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கான டிவிடெண்ட் கிடைக்கும். சீட்டை எடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் நம் சீட்டில் 20 ஆல்தான் வகுக்கிறோம்.

தள்ளு எவ்வளவு என்பதைப் பாஸ்புக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் தவறு இருந்தாலும் தவறு தெரியாது. ஏலத்துக்கு நேரில் போனவர்கள் அன்றே குறித்துக்கொள்ளலாம். போகாதவர்களுக்குக் கம்பெனி அனுப்பும் குறுஞ்செய்தி இருக்கும். இரண்டும் இல்லையென்றால் ஏல நடவடிக்கைக் குறிப்பைக் கேளுங்கள். ஒவ்வொரு ஏலத்துக்கும் அதை எழுதி, பிரதியைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே அப்படி ஒன்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உதாரணச் சீட்டில் முதல் ஏழு மாதம் இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்:

| மாதம் | ஏலத்தில் போன தள்ளு | ஒருவருக்கு டிவிடெண்ட் | அந்த மாதம் கட்டியது |
|---|---|---|---|
| 1 | கம்பெனி சீட்டு | 0 | 5,000 |
| 2 | 30,000 | 1,250 | 5,000 |
| 3 | 28,000 | 1,150 | 3,750 |
| 4 | 27,000 | 1,100 | 3,850 |
| 5 | 25,000 | 1,000 | 3,900 |
| 6 | 24,000 | 950 | 4,000 |
| 7 | 22,000 | 850 | 4,050 |

இரண்டாம் மாத வரியைப் பாருங்கள். தள்ளு 30,000, கமிஷன் 5,000 போக 25,000, அதை 20 ஆல் வகுத்தால் 1,250. இது மூன்றாம் மாதத் தவணையில் கழிகிறது, அதனால் அந்த மாதம் 3,750 கட்டினால் போதும். முதல் மாதம் கம்பெனி எடுத்த சீட்டில் தள்ளு இல்லை, ஆகவே இரண்டாம் மாதமும் முழு 5,000. புதியவர்கள் ‘இரண்டாம் மாதமே டிவிடெண்ட் தரவில்லை’ என்று சண்டைக்குப் போவது இங்கேதான்.

இனி ஒரே பார்வையில் சரிபார்க்க ஒரு வழி: எந்த மாதத்தில் நிறுத்திப் பார்த்தாலும், அதுவரை கட்டியதும் அதுவரை கழிந்த டிவிடெண்டும் சேர்ந்தால், 5,000ஐ மாத எண்ணிக்கையால் பெருக்கிய தொகை வர வேண்டும். ஏழாம் மாத முடிவில் கட்டியது மொத்தம் 29,550. கழிந்த டிவிடெண்ட், அதாவது ஆறாம் மாத ஏலம் வரையிலானது, 5,450. கூட்டினால் 35,000, ஏழு தவணை. ஏழாம் மாத ஏலத்தின் 850 இன்னும் கழியவில்லை, அது எட்டாம் மாதத்துக்கு. அதையும் கூட்டிவிட்டால் 850 கூடுதலாக வந்து நிற்கும்.

இந்தக் கூட்டல் சரியாக வந்தாலும் டிவிடெண்ட் சரி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டிவிடெண்டைக் குறைத்து எழுதி, அதற்கேற்ப உங்களிடம் அதிகம் வாங்கியிருந்தாலும் கூட்டுத்தொகை 35,000 தான். அதனால்தான் தள்ளிலிருந்து போடும் கணக்கு தனியாக வேண்டும் என்கிறேன்.

நீங்கள் போட்ட டிவிடெண்டும் பாஸ்புக்கில் உள்ளதும் பொருந்தாவிட்டால், வித்தியாசம் எப்படி வருகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் சீட்டில் ஒவ்வொரு மாதமும் மாறாமல் 100 ரூபாய் குறைகிறது என்றால், கமிஷனை 5க்குப் பதில் 7 சதவீதமாக எடுத்திருக்கிறார்கள். கூடுதல் 2,000ஐ 20 ஆல் வகுத்தால் 100. மாறாமல் 45 ரூபாய் குறைந்தால் அது ஜிஎஸ்டி. கமிஷன் மீதான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம், 5,000க்கு 900 ரூபாய், தலைக்கு 45. தொகையெல்லாம் சரியாக இருந்து ஒரு வரி தள்ளித் தள்ளி நிற்கிறதென்றால், டிவிடெண்ட் கழிக்கும் மாதத்தை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு மாதம் மட்டும் உதைத்தால் அந்த மாத ரசீதின் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் தாமதம்தான்.

வரம்பையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். தள்ளு 30,000க்கு மேல் போகாது என்பதால் இந்தச் சீட்டில் டிவிடெண்ட் 1,250ஐத் தாண்டவே முடியாது. ஆரம்ப மாதங்களில் பலர் அதிகபட்சத் தள்ளுக்கே கேட்டு, அவர்களுக்குள் குலுக்கல் நடந்தால், யாருக்கு விழுந்தாலும் டிவிடெண்ட் அதே 1,250 தான். கடைசி மாதம் ஏலம் கேட்க ஆளில்லை, கமிஷன் மட்டும் கழியும், டிவிடெண்ட் பூஜ்யம்.

சீட்டு எடுத்தபோது கைக்கு வர வேண்டியது

ஏழாம் மாதம் 22,000 தள்ளிச் சீட்டை எடுத்தவர் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்தில் 22,000 போனால் 78,000. இதுதான் உங்களுக்கான நிகர சீட்டுத் தொகை. கம்பெனியின் கமிஷன் 5,000 அந்த 22,000க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. டிவிடெண்ட் கணக்கில் அதைக் கழித்துத்தானே 17,000ஐ எல்லோருக்கும் பிரித்தோம்? ஆகவே 78,000லிருந்து கமிஷன் என்ற பெயரில் இன்னொரு முறை எதுவும் கழியக் கூடாது.

அப்படியானால் என்னென்ன கழியலாம்? முதலாவது ஜிஎஸ்டி. சில ஒப்பந்தங்களில் இது தள்ளிலிருந்தே போகும், சிலவற்றில் சீட்டு எடுத்தவர் தலையில் விழும். எங்கேயாவது ஒரு இடத்தில்தான் கழிய வேண்டும். நம் அட்டவணையில் டிவிடெண்ட் முழுதாக 850 வந்திருக்கிறது, 805 வரவில்லை. அதாவது ஜிஎஸ்டி அங்கே கழியவில்லை. எனவே ஒப்பந்தத்திலும் அப்படி இருந்தால், இந்த 78,000ல் 900 கழிவது நியாயம். டிவிடெண்டும் 805 ஆகி, இங்கேயும் 900 கழிந்திருந்தால் ஒரே வரி இரண்டு முறை போயிருக்கிறது.

இரண்டாவது, ஜாமீன் தொடர்பான ஆவணச் செலவு. இனி கட்ட வேண்டிய தவணைகளுக்காக ஜாமீன் கொடுத்த பிறகே கம்பெனி பணம் தரும். பத்திரம், சரிபார்ப்பு என்று இதற்கு ஒரு செலவு எழுதுவார்கள். நம் கணக்கில் 600 என்று கொள்வோம். இதற்குத் தனி ரசீது கேளுங்கள். ‘இதரச் செலவு’ என்று மொட்டையாக ஒரு தொகை இருந்தால் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பாக்கித் தவணை அல்லது அடுத்த தவணை. எட்டாம் மாதத்துக்கான 4,150ஐ இதிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். செய்யலாம், ஆனால் அப்படி எடுத்த அன்றே பாஸ்புக்கில் எட்டாம் தவணை கட்டியதாக ஒரு வரி விழ வேண்டும். இது விட்டுப்போனால் எட்டாம் மாதம் வசூலுக்கு வருபவர் மறுபடியும் கேட்பார். கொடுத்தும் விடுவீர்கள்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். 78,000லிருந்து 900, 600, 4,150 மூன்றும் போனால் 72,350. வங்கியில் வந்த தொகை இதுவாக இருக்க வேண்டும். பாஸ்புக்கில் 78,000 என்று எழுதியிருக்கிறதா 72,350 என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு வழக்கமும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள 5,650க்கு வரிவரியாகக் கணக்கு இருந்தால் போதும். அதற்குத்தான் சீட்டுத் தொகை பட்டுவாடா வவுச்சர் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடும்முன் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். தொகை நிரப்பாத வவுச்சரில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

வங்கியில் வந்தது 67,350 என்றால்? வித்தியாசம் 5,000. இந்தச் சீட்டில் 5,000 என்ற எண் இரண்டு இடத்தில்தான் வருகிறது: கமிஷன், முழுத் தவணை. வவுச்சரில் ‘கமிஷன்’ என்று ஒரு வரி இருந்தால் அது இரண்டாம் முறை பிடித்தது, திருப்பிக் கேட்க வேண்டிய பணம். தவணை என்றிருந்தால், எந்த மாதத்தது, பாஸ்புக்கில் வரவாகியிருக்கிறதா, டிவிடெண்ட் ஏன் கழியவில்லை என்று கேட்க வேண்டும். இப்படிக் குறிப்பாகக் கேட்டால் பதில் கிடைக்கும். ‘பணம் குறைகிறதே’ என்று பொதுவாகக் கேட்டால் ‘எல்லாம் பிடித்தம் போகத்தான்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

ஜாமீன் தாமதமாகி அடுத்த தவணை நாள் வரை பணத்தை வாங்க முடியாமல் போனால், கம்பெனி அந்தத் தொகையை அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். எந்த வங்கி, எந்தத் தேதி என்று கேட்டு பாஸ்புக்கிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பிறகும் பாஸ்புக் முடிந்துவிடவில்லை

இன்னும் 13 தவணை இருக்கிறது, அதில் எட்டாவது ஏற்கெனவே பிடித்தாயிற்று. ஒழுங்காகக் கட்டும்வரை சீட்டு எடுத்தவருக்கும் டிவிடெண்ட் வழக்கம்போல் வரும் என்பதுதான் பொதுவான ஏற்பாடு. ஒப்பந்தத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எடுத்த மாதத்துக்குப் பிறகு முழு 5,000 வசூலாகிறதென்றால், கெடு தவறியதா அல்லது அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் கைக்கு வந்துவிட்ட பிறகு யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை. டிவிடெண்ட் விடுபடுவதும் இந்த மாதங்களில்தான் கவனிக்கப்படாமல் போகிறது.

கடைசித் தவணை கட்டியதும் கணக்கு முடிந்ததாக எழுதி வாங்குங்கள், ஜாமீனுக்குக் கொடுத்த பத்திரங்களையும் நிரப்பாத செக்குகளையும் எண்ணித் திரும்பப் பெறுங்கள்.

பொருந்தவில்லை என்றால்

முதலில் கிளை அலுவலகத்தில் உங்கள் டிக்கெட்டின் லெட்ஜர் நகலைக் கேளுங்கள். உங்கள் பாஸ்புக்கையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும், எந்த ரசீது ஏறவில்லை என்பது தெரிந்துவிடும். இன்னும் சீட்டு எடுக்காதவர்களுக்கும், எடுத்தும் பணம் பெறாதவர்களுக்கும் கட்டணம் செலுத்திச் சீட்டின் பதிவேடுகளைப் பார்க்கச் சட்டத்தில் உரிமை உண்டு. சீட்டெடுத்துப் பணமும் வாங்கியவர் அந்த வழியை நம்பியிருக்க முடியாது, அதனால் சந்தேகம் இருந்தால் வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

லெட்ஜரிலேயே தவறு என்றால் எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். கடிதத்தில் மாதம், தள்ளு, நீங்கள் போட்ட கணக்கு, அவர்கள் எழுதியது, வித்தியாசம், இவ்வளவு போதும். அதற்கும் அசையவில்லை என்றால் பதிவுத்துறையில் உங்கள் பகுதிக்கான சீட்டுப் பதிவாளரிடம் மனு கொடுக்கலாம். பதிவு பெற்ற சீட்டுத் தகராறுகள் அங்கேதான் போக வேண்டும், நேராக உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. மனுவோடு ஒப்பந்தப் பிரதி, பாஸ்புக் நகல், ரசீதுகள், வவுச்சர், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இணையுங்கள். அசல் பாஸ்புக்கை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், ‘என்ட்ரி போட்டுத் தருகிறோம், நாளைக்கு வாங்க’ என்று கம்பெனியே கேட்டாலும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள்.